சமனிலிக் குறி ஏன் திரும்புகிறது?

சமனிலியொன்றின் இருபக்கங்களையும் மறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும் என்ற விதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். சாதாரண தரத்தில் அதை அப்படியே பயன்படுத்தி விடை எழுதிவிடலாம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கத் தொடங்கிய பின்னர்தான், காரணம் தெரியாமல் இந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது என்பது எனக்கு விளங்கியது. அந்தக் காரணத்தையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் 2 < 5 என்பதன் கருத்தைப் பார்ப்போம். எண்கோட்டில் 2 ஆனது 5 இற்கு இடப்பக்கத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். இரண்டுடனும் 3 ஐக் கூட்டினால் அவை 5, 8 என்ற இடங்களுக்குச் செல்லும். இரண்டிலிருந்தும் 10 ஐக் கழித்தால் −8, −5 என்ற இடங்களுக்குச் செல்லும். வரிசையில் நிற்கும் இரு மாணவிகள் ஒரே அளவு அடி எடுத்து வைத்தால் முன்னால் நிற்பவர் மாறமாட்டார் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கூட்டலும் கழித்தலும் குறியைத் திருப்புவதில்லை.

இப்போது இரண்டையும் −1 ஆல் பெருக்குவோம். 2 ஆனது −2 ஆகிறது. 5 ஆனது −5 ஆகிறது. ஒவ்வோர் எண்ணும் பூச்சியத்தைத் தாண்டி, அதே தூரத்தில் மறுபக்கத்தில் போய் நிற்கிறது. பூச்சியத்தில் ஒரு கண்ணாடியை வைத்ததுபோல எண்கோடு முழுவதும் இடம் வலமாக மாறிவிடுகிறது. வலப்பக்கத்தில் அதிக தூரத்தில் இருந்த 5 இப்போது இடப்பக்கத்தில் அதிக தூரத்தில் இருக்கிறது. எனவே −2 > −5. −3 ஆல் பெருக்குவதும் இதுவே: கோட்டைத் திருப்பிவிட்டு, பின்னர் மூன்று மடங்காக நீட்டுகிறோம். நீட்டுவதால் ஒழுங்கு மாறாது, திருப்புவதால்தான் மாறுகிறது. −2 ஆல் வகுப்பது −1/2 ஆல் பெருக்குவதாகையால் அதற்கும் தனி விளக்கம் தேவையில்லை.

இந்த விதியை நம்பாதவர்களும் அதே விடைக்குத்தான் வந்து சேர்வார்கள். −2x < 6 என்பதை மறை எண்ணால் வகுக்காமலே தீர்த்துப் பாருங்கள். இருபக்கமும் 2x ஐக் கூட்டினால் 0 < 6 + 2x. இருபக்கமும் 6 ஐக் கழித்தால் −6 < 2x. நேர் எண்ணாகிய 2 ஆல் வகுத்தால் −3 < x, அதாவது x > −3. நாம் எந்த இடத்திலும் குறியைத் திருப்பவில்லை. x மறுபக்கத்திற்குப் போனதால், அதன் பக்கமிருந்து வாசிக்கும்போது குறி திரும்பியிருக்கிறது.

காரணம் தெரிந்திருப்பதன் பயன் பின்வரும் கணக்கில் வெளிப்படும்:

3/(x − 2) < 1

சமன்பாட்டில் செய்வதைப் போல இருபக்கத்தையும் (x − 2) ஆல் பெருக்கி 3 < x − 2 என எழுதினால் x > 5 எனக் கிடைக்கும். ஆனால் x = 0 ஐப் பிரதியிட்டுப் பாருங்கள். இடப்பக்கம் −1.5 ஆகிறது, அது 1 இலும் சிறியது. ஆகவே 0 உம் ஒரு தீர்வே. நமது விடையில் அது இல்லை.

பிழை எங்கே? (x − 2) நேரா, மறையா என்பது தெரியாமலே பெருக்கிவிட்டோம். எண்கோடு திரும்பியதா இல்லையா என்பது x ஐப் பொறுத்தது. எனவே இரு சந்தர்ப்பங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். x > 2 எனின் (x − 2) நேர், குறி மாறாது, x > 5 கிடைக்கும். x < 2 எனின் (x − 2) மறை. குறி திரும்பி 3 > x − 2 ஆகும், அதாவது x < 5. ஆனால் நாம் x < 2 என எடுத்துக்கொண்டதால், 2 இலும் சிறிய எல்லா எண்களும் தீர்வுகளாகும். x = 2 இல் பகுதி பூச்சியமாவதால் அதை விட்டுவிட வேண்டும். முழு விடை: x < 2 அல்லது x > 5.

இரு சந்தர்ப்பங்களாகப் பிரிக்காமலும் இதைச் செய்யலாம். x = 2 அல்லாதபோது (x − 2)² எப்போதும் நேர். அதனால் பெருக்கினால் எண்கோடு திரும்புமோ என்ற சந்தேகமே எழாது. 3(x − 2) < (x − 2)² என்பதைச் சுருக்கினால் (x − 2)(x − 5) > 0 என வரும். அதே விடை கிடைக்கும்.

ஆகவே தெரியாக்கணியம் உள்ள ஒரு கோவையால் பெருக்குவதற்கு முன்னர் அதன் குறி என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்த பின்னரும், நீங்கள் விலக்கிய பகுதியிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் பிரதியிட்டுப் பாருங்கள். அது சமனிலிக்குப் பொருந்தினால், எங்கோ ஓரிடத்தில் எண்கோடு உங்களுக்குத் தெரியாமல் திரும்பியிருக்கிறது.