நன்றியுரைக்கு இரண்டு நிமிடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவன்

நம் கல்லூரி ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்புரை, பரிசளிப்பு என்று இறங்கி வந்து, நாட்டுப்பண்ணுக்கு ஒரு வரி மேலே 'நன்றியுரை' நிற்கும். அந்த வரிக்கு வரும்போது மணி ஏழைத் தாண்டியிருக்கும். வெளியூர் மாணவர்களின் நினைவெல்லாம் கடைசிப் பேருந்தின் மேல். இவ்வாண்டு அந்த நேரத்தில் பேசும் பணி மாணவர் மன்றத்தின் சார்பில் எனக்கு வந்தது. அதை எழுதிய விதத்தைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அளவு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நிதானமாகப் பேசினால் நிமிடத்திற்கு 80 சொற்கள்தாம் செல்கின்றன. நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி. இரண்டையும் பாடும் நேரத்திற்குள் நன்றி கூறி முடிப்பதென்று வைத்துக்கொண்டேன். அதாவது சுமார் 140 சொற்கள், ஒரு தாளின் ஒரு பக்கம்.

அடுத்தது, எதை விடுவது என்பது. சிறப்பு விருந்தினரின் பட்டங்களும் பதவிகளும் வரவேற்புரையில் ஒருமுறை, அறிமுகத்தில் ஒருமுறை வந்துவிடுகின்றன. அவரும் தம் உரையில் முதல்வரையும் கல்லூரியையும் மனமாரப் பாராட்டிவிடுகிறார். அவற்றையே நன்றியுரையில் திருப்பிச் சொன்னால் அவையோர் எதிரொலியைத்தான் கேட்பார்கள். பாராட்டு என்பது ஒருவர் எப்படிப்பட்டவர் என்று கூறுவது. நன்றி என்பது அவர் நமக்கு என்ன செய்தார் என்று கூறுவது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வாக்கியத்திலுள்ள பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அது நன்றி அன்று. 'தம் அரிய பணிகளுக்கிடையே வருகை தந்து சீரிய உரையாற்றிய' என்ற வாக்கியம் சென்ற ஆண்டு விருந்தினருக்கும் பொருந்தும், அடுத்த ஆண்டு வருபவருக்கும் பொருந்தும்!

ஆகவே விருந்தினருக்கான இரண்டு வரிகளை எழுதாமல் வெற்றிடமாக விட்டு, பென்சிலோடு மேடையின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். அவர் பரிசளிக்கும்போது ஒவ்வொரு மாணவரிடமும் ஏதோ கேட்பதைக் கண்டேன். ஊர்ப்பெயரைக் கேட்கிறார் என்று பரிசு பெற்று இறங்கிய நண்பன் சொன்னான். வெற்றிடத்தில் இப்படி எழுதினேன்: "ஐயா, பரிசு பெற்ற ஒவ்வொருவரிடமும் ஊர்ப்பெயரைக் கேட்டீர்கள். எங்கள் சிற்றூர்களின் பெயர்கள் இம்மேடையில் ஒலித்தன. அதற்கு நன்றி." வரவேற்புரை ஆற்றியவர் இதைச் சொல்லியிருக்க முடியாது, அப்போது அது நடக்கவே இல்லை.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். மேடையில் இருப்பவர்களை மட்டுமே பெயர் சொல்லி அழைத்தேன். அவர்களுடைய முதலெழுத்துகளையும் பட்டங்களையும் காலையிலேயே அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டேன். மற்றவர்களைச் செய்த பணியால் குறிப்பிடுவதே நல்லது. இருபது பெயர்களைப் படித்து இருபத்தொன்றாவது பெயரை விட்டுவிட்டால், அந்த ஒருவர் வீட்டுக்குப் போகும்வரை அதையே நினைத்துக்கொண்டு போவார். முந்தின நாள் மாலை பந்தலடியில் நின்று, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். 'கல்லூரி ஊழியர்கள் அனைவருக்கும்' என்று பொதுவாகச் சொல்லாமல், தேர்வுக் கூடத்திலிருந்து நாற்காலிகளைச் சுமந்து வந்தவர்களுக்கும், விடியுமுன் மைதானத்தைப் பெருக்கியவர்களுக்கும், ஒலிபெருக்கிக் கம்பியருகே இரவெல்லாம் விழித்திருந்த காவலருக்கும் என்று எழுத அதனால்தான் முடிந்தது.

பெற்றோர் பகுதிதான் எனக்குக் கடினமாக இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அன்று வந்தவர்களுள் பலர், என் அம்மா உட்பட, ஒரு நாள் வருவாயை இழந்து வந்தவர்கள். 'இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த பெற்றோரே' என்று எழுதி, இரவு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கூலின்னு சொல்லாதேப்பா. வேலையை விட்டுட்டு வந்தாங்கன்னு சொல்லு, போதும்" என்றார். உண்மையைச் சொல்லும்போதும், கேட்பவர் தலைநிமிர்ந்து கேட்கும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. 'வேலையை' என்றே மாற்றினேன். விழாவில் அந்த வரிக்குப் பின்வரிசையிலிருந்துதான் முதலில் கைதட்டல் வந்தது.

மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. 'நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்' என்பவர் கடன் இருப்பதை ஒப்புக்கொள்கிறார், இன்னும் அதைத் தீர்க்கவில்லை. 'நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை' என்று தொடங்குபவரோ பெரும்பாலும் பத்து நிமிடம் பேசுவார்! 'நன்றி' என்று நேரே சொல்லிவிட்டால் சொற்களும் மிச்சமாகின்றன.

முடிவில், 'வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்' என்பதை விட்டுவிட்டு, "நாட்டுப்பண்ணுக்காக அனைவரும் எழுந்து நிற்போம்" என்று முடித்தேன். எப்படியும் நாற்காலிகள் ஓசையிடத்தான் போகின்றன. நாம் சொன்னபிறகு ஓசையிடட்டும்.