மாத்திரையால் பித்தக்கல் எப்படிக் கரைகிறது?

அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனைக்குப் போய் ஸ்கேன் எடுத்து, "பித்தப்பையில் சின்னக் கல்" என்ற அறிக்கையோடு வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஒப்பரேஷன் இல்லாமல் கரைக்க முடியாதா? சிலருக்கு முடியும்.

கொலஸ்ட்ரோல் தண்ணீரில் கரையாது. பித்த உப்புகளும் லெசிதினும் சேர்ந்துதான் அதைப் பித்தநீரில் கரைத்து வைத்திருக்கின்றன. அவை தாங்கும் அளவை மீறினால் மிஞ்சிய கொலஸ்ட்ரோல் பளிங்காகிக் கல்லாகத் திரளும்.

கல்லைக் கரைக்கும் மாத்திரையில் உள்ள ஏர்சோடிஒக்சிகோலிக் அமிலம், ஈரல் பித்தநீருக்குள் விடும் கொலஸ்ட்ரோலைக் குறைக்கிறது. குடல் உறிஞ்சும் அளவையும் குறைக்கிறது. பித்தநீரில் இடம் உண்டாகிறது. கல்லின் மேற்பரப்பிலிருந்து கொலஸ்ட்ரோல், லெசிதினோடு நுண்ணிய திரவப் படலங்களாகப் பிரிந்து வருகிறது. சீனி தேநீரில் கரைவதுபோல் வெளிப்புறம் மட்டுமே கரைவதால் வேகம் குறைவு: மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்.

வழக்கமான அளவு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. 5 மில்லிமீற்றர் கல்லுக்கும் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இடையிடையே ஸ்கேன் எடுத்துத்தான் பலனை அறியலாம். கல் மறைந்த பிறகும் சில மாதம் மருந்தைத் தொடர்வார்கள்.

சுண்ணாம்பு படிந்த கல்லும் கறுப்பு நிறமிக் கல்லும் இதற்கு மசியாது. பித்தப்பைக் குழாய் அடைத்திருந்தால் மருந்து கல்லையே எட்டாது. கரைந்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஐந்தாண்டுக்குள் கல் திரும்புகிறது.

மாத்திரை எடுக்கும்போது காய்ச்சலோ, கண் மஞ்சளிப்போ, விடாத வயிற்றுவலியோ வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.