திருமண ட்ரோன் மோதினால் பணம் கட்டுவது யார்?

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு திருமணத்தைப் படமெடுக்க ‘ஹாலிகல் புரொடக்‌ஷன்’ என்ற நிறுவனம் போயிருந்தது. அதன் ஊழியர் பறக்கவிட்ட ட்ரோன் விருந்தினர் ஒருவரின் கண்ணில் மோதியது. அந்தக் கண்ணில் அவருக்குப் பார்வையே போய்விட்டது.

நிறுவனத்திடம் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருந்தது. ஆனாலும் காப்புறுதி நிறுவனமான ஃபிலடெல்ஃபியா இண்டெம்னிட்டி, இதற்குத் தான் பொறுப்பில்லை என்று நீதிமன்றத்துக்குச் சென்றது. விமானத்தைப் பயன்படுத்துவதால் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விலக்கு இருந்தது. ஆள் ஏறாத ட்ரோன் எப்படி விமானமாகும் என்பது படப்பிடிப்பாளர் தரப்பின் வாதம். காற்றில் செல்ல ஆள் ஏறவேண்டியதில்லை என்று அகராதிப் பொருளைப் பார்த்து, 2018இல் கலிஃபோர்னியா கூட்டரசு நீதிமன்றம் காப்புறுதி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நாமே ‘ஆளில்லா வானூர்தி’ என்றுதானே எழுதுகிறோம்!

வார இறுதியில் திருமணப் படமெடுக்கப் போகும் மாணவர்களுக்கு இந்த வழக்கு தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு திருமணத்தில் 2,000 வெள்ளி ட்ரோன் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரோன் உடைகிறது, நிறுத்தியிருந்த கார் நசுங்குகிறது, ஒருவருக்குத் தலையில் அடிபடுகிறது. ட்ரோன் வாங்கும்போது கடையில் சேர்த்து விற்கப்படும் பழுதுபார்ப்புத் திட்டம் பொதுவாக ட்ரோனை மட்டுமே மாற்றித் தரும். கடைக்கோ ஸ்டூடியோவுக்கோ எடுத்த பொதுப் பொறுப்புக் காப்புறுதியில் விமான விலக்கு இருந்தால், காருக்கும் காயத்துக்கும் பணம் வராது. அந்த இரண்டுக்கும் ட்ரோனைப் பெயர் சொல்லிச் சேர்த்த மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். காரின் செலவைப் பட்டறை சொல்லிவிடும். காயமோ மருத்துவமனைக் கட்டணம், இழந்த சம்பளம் என்று நீளும். ஆகவே காப்புறுதித் தொகையை ட்ரோனின் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு.

காப்புறுதி எடுத்தாலும் சட்டப்படி பறக்கவிட்டால்தான் பொதுவாக அது செல்லும். சிங்கப்பூரில் கூலிக்குப் படமெடுப்பது பொழுதுபோக்கு அல்ல. ட்ரோன் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இயக்குநர் அனுமதியும் அந்தப் பறத்தலுக்கான அனுமதியும் பெறவேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டால் பதிவும் வேண்டும். லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே ட்ரோன் பறக்கக்கூடாத இஸ்தானா இருப்பதால், இடத்தை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

பகுதிநேரமாக இன்னொருவரின் ட்ரோனை இயக்குபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்கவேண்டும். “எங்களிடம் காப்புறுதி இருக்கு தம்பி” என்று முதலாளி சொல்வது போதாது. சான்றிதழை வாங்கிப் பாருங்கள்: ட்ரோனின் வரிசை எண் இருக்கிறதா, இயக்குபவராக உங்கள் பெயர் இருக்கிறதா, திருமண நாள் அதன் காலக்கெடுவுக்குள் வருகிறதா?