கால் நகத்தின் ஓரம் திடீரெனச் சிவந்து வீங்குவது ஏன்? வீட்டில் என்ன செய்யலாம், சிறு அறுவை சிகிச்சை எப்போது தேவை?

கால் பெருவிரல் நகத்தின் ஒரு பக்கம் திடீரென வலிக்கத் தொடங்கும். மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்கும். அதன் பிறகு காலணி அணிவதும், இரவில் போர்வை விரலில் படுவதும்கூட வேதனையாகிவிடும். பலர் இதை நகச்சுற்று என்று எண்ணி மஞ்சள் பூசுவர், அல்லது மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி உண்பர். ஆனால், கால் பெருவிரலில் இத்தகைய வலிக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, நகத்தின் ஓரம் பக்கவாட்டுச் சதைக்குள் புகுந்து வளர்வதே ஆகும்.

எவ்வாறு தொடங்குகிறது?

ராணுவ ஆள்சேர்ப்புக்கான ஓட்டப் பயிற்சியில் ஈடுபட்டிருக்கும் 19 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அவர் நகம் வெட்டுகிறார். பெருவிரல் நகத்தின் மூலையை வளைவாக, உள்ளே வரை வெட்டுகிறார். நகவெட்டி எட்டாத ஆழத்தில் நகத்தின் ஒரு சிறு முனை முள்போல எஞ்சிவிடுகிறது. அது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மறுநாள் முதல் இறுக்கமான காலணியுடன் ஓடுகிறார். காலணி சதையை நகத்தின் மீது அழுத்துகிறது. வியர்வையில் ஊறிய தோல் மென்மையாகிவிடுகிறது. நகம் முன்னோக்கி வளர வளர அந்த முள் சதையைக் குத்திக் கிழிக்கிறது. நான்காம் நாளில் விரல் சிவந்து வீங்குகிறது.

உடலைப் பொறுத்தவரை அந்த முள் ஓர் அந்நியப் பொருள். காலில் முள் தைத்தால் ஏற்படும் அழற்சிதான் இங்கும் ஏற்படுகிறது. முதல் கட்டத்தில் வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவை மட்டுமே இருக்கும். இரண்டாம் கட்டத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டு சீழ் அல்லது நீர் வடியும். மூன்றாம் கட்டத்தில் நகத்தின் ஓரத்தில் சிவந்த, தொட்டாலே ரத்தம் கசியும் சதை வளர்ந்து நகத்தை மூடத் தொடங்கும்.

முதல் கட்டத்தில் வீட்டுப் பராமரிப்பு

சீழ் இல்லாத நிலையில் வீட்டிலேயே சரிசெய்ய வாய்ப்பு உண்டு. பொறுக்கக்கூடிய வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 20 நிமிடங்கள் வரை, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை பாதத்தை ஊற வைக்க வேண்டும். ஊறிய பின் தோலும் நகமும் இளகியிருக்கும். அப்போது வீங்கிய சதையை நகத்திலிருந்து விலக்கி, விரலால் மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்திவிட வேண்டும். பின்னர் பாதத்தை நன்கு துடைத்து உலர வைப்பது அவசியம்.

வலி பொறுக்கக்கூடியதாக இருந்தால், சுத்தமான பஞ்சிலிருந்து மெல்லிய திரி ஒன்றை உருட்டி, நகத்தின் மூலைக்கு அடியில் செருகலாம். இது நகத்தின் முனையைச் சதையிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கும். பஞ்சை நாள்தோறும் மாற்ற வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. விரலை அழுத்தாத, முன்புறம் திறந்த செருப்பையே அணிய வேண்டும்.

வீக்கமும் வலியும் ஒரு வாரத்திற்குள் தணியத் தொடங்கினால் சிகிச்சை சரியான வழியில் செல்கிறது எனலாம். எனினும் பஞ்சு வைப்பதை உடனே நிறுத்திவிடக் கூடாது. கால் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே வளரும். எனவே, நகத்தின் மூலை சதையைத் தாண்டி வெளியே வருவதற்குப் பல வாரங்கள் ஆகும்.

செய்யக் கூடாதவை

வலிக்கும் மூலையைக் குடைந்து வெட்டி எடுப்பதே பலர் செய்யும் தவறு. அப்போதைக்கு வலி குறையும். ஆனால், முன்பைவிட ஆழத்தில் புதிய முள் ஒன்று உருவாகி, சில வாரங்களில் மீண்டும் குத்தும். நகத்தின் நடுவில் 'வி' வடிவில் வெட்டினால் ஓரங்கள் உள்நோக்கி நகரும் என்ற நம்பிக்கையும் தவறானது. நகம் அடியிலுள்ள வேரிலிருந்து வளர்வதால், நுனியில் செய்யும் வெட்டு அதன் வளர்ச்சியின் திசையை மாற்றாது. சுண்ணாம்பு தடவினால் ஏற்கெனவே புண்ணான தோல் மேலும் வெந்துபோகும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் இதைக் குணப்படுத்தாது. மேற்கண்ட இளைஞர் ஐந்து நாள்கள் மாத்திரை உண்டால் சீழ் குறையக்கூடும். முள் உள்ளேயே இருப்பதால், மாத்திரையை நிறுத்தி மீண்டும் ஓடத் தொடங்கியதும் வீக்கம் திரும்பிவிடும். அதேவேளையில், குத்தும் நகத்தை அகற்றிவிட்டால், பெரும்பாலானோருக்குத் தொற்று தானாகவே ஆறிவிடும். சிவப்பு விரலைத் தாண்டிப் பரவும்போதுதான் ஆன்டிபயாடிக் இன்றியமையாததாகிறது.

அறுவை சிகிச்சை எப்போது?

வீட்டுப் பராமரிப்பில் ஒரு வாரத்திற்குப் பிறகும் குறையாத வலி, தொடர்ந்து வடியும் சீழ், நகத்தை மூடும் சதை வளர்ச்சி, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பாதிப்பு ஆகியவை இருந்தால் பொது அறுவை சிகிச்சை நிபுணரையோ தோல் மருத்துவரையோ அணுக வேண்டும்.

புறநோயாளிகள் பிரிவிலேயே ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இச்சிகிச்சை முடிந்துவிடும். முதலில் விரலின் அடிப்பகுதியில் இருபுறமும் மரத்துப்போகும் ஊசி போடப்படும். நோயாளிக்கு உண்மையில் வலி தெரிவது இந்த ஊசியின்போதுதான். விரல் மரத்த பின், பாதித்த பக்கத்தில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள நகப் பட்டை மட்டும் நுனியிலிருந்து வேர் வரை நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படும். அடுத்து, அந்தப் பட்டை முளைத்த வேர்ப்பகுதியில் ஃபீனால் என்னும் வேதிப்பொருள் சிறிது நேரம் தடவப்படும். அது வேரை அழித்துவிடுவதால், அந்த ஓரத்தில் நகம் மீண்டும் முளைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. எஞ்சிய நகம் சற்றுக் குறுகலாக, வழக்கம்போல் வளரும்.

முழு நகத்தையும் பிடுங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் கருதுகின்றனர். வேர் அப்படியே இருந்தால், ஓராண்டுக்கும் மேலாக எடுத்துக்கொண்டு வளரும் புதிய நகம் மீண்டும் சதைக்குள் புகக்கூடும். ஆகவே, சிகிச்சைக்கு முன் வேர்ப்பகுதிக்கும் சிகிச்சை அளிக்கப்படுமா என்று மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

முதல் நாள் காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுக்க வேண்டும். ஃபீனால் பயன்படுத்திய இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை நீர் கசிவது இயல்பு. கசிவு குறைவதற்குப் பதிலாக, வலியும் சிவப்பும் நாளுக்கு நாள் அதிகரித்தால் தொற்று எனக் கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யார் காத்திருக்கக் கூடாது?

நீரிழிவு நோயாளிகள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோர் வீட்டுச் சிகிச்சையை முயன்று பார்க்காமல் முதல் நாளிலேயே மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்தில், புண் முற்றிய பிறகும் வலி தெரியாமல் போகலாம். காய்ச்சல், பாதத்தின் மேல் பரவும் சிவப்பு, காலில் மேல்நோக்கி ஓடும் சிவந்த கோடு ஆகியவை யாருக்கு இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மீண்டும் வராமல் தடுக்க, நகத்தை நேர்கோட்டில் வெட்டி, அதன் இரு மூலைகளும் சதைக்கு மேலே வெளியில் தெரியுமாறு விட வேண்டும். கூர்மையாக இருந்தால் அரத்தால் தேய்த்து மழுப்பினால் போதும். பாத அழகு சிகிச்சைக்காக அழகு நிலையம் செல்வோரும், மூலையைக் குடைந்து எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.