சர்க்கரை மாத்திரையோட சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடுறீங்களா? டாக்டர்கிட்ட காட்ட இந்த நோட்டு அவசியம்!

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் சிறுகுறிஞ்சான் பொடி எளிதாகக் கிடைக்கும். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் பலர் இதையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். டாக்டரிடம் சொல்வதில்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது.

என்ன ஆபத்து?

சிறுகுறிஞ்சானும் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர் பசி இதெல்லாம் அதன் அறிகுறிகள்.

நோட்டில் என்ன எழுதணும்?

பொடி தொடங்கும் முன்பே ஒரு வாரம் சர்க்கரை அளவை எழுதி வையுங்க. ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை. பிறகு தினமும் பொடி, மாத்திரை, சாப்பாடு மூன்றின் நேரத்தையும் குறிக்கணும். 'ஒரு ஸ்பூன்' என்று மட்டும் எழுதினால் போதாது. தலைதட்டிய ஸ்பூனா, குவித்த ஸ்பூனா என்பதில் அளவு ரொம்பவே மாறும். பாக்கெட் மாறினால் அதையும் எழுதுங்க. அந்த நாட்களில் வேறு புது மருந்து எதையும் தொடங்காதீங்க.

ஒரு உதாரணம் பார்க்கலாம்

ஒருவர் காலை 7 மணிக்கு அரை ஸ்பூன் பொடி, 8 மணிக்கு மாத்திரை, 8.15-க்கு நாலு இட்லி சாப்பிடுகிறார். பொடி தொடங்கும் முன் காலை 11.30 மணி அளவு 120-ஐ ஒட்டியே இருந்தது. ஆறாம் நாள் அதே நேரத்தில் கை நடுங்குகிறது. குளுக்கோமீட்டரில் 64. எட்டாம் நாள் மறுபடியும் 66. சாப்பாடும் மாத்திரையும் மாறவில்லை என்று நோட்டு சொல்கிறது. அப்போ சந்தேகம் பொடி மேல்தான். சாப்பாடு தாமதமாகியிருந்தால், காரணம் அதுவாகவும் இருந்திருக்கலாம்.

அந்த நேரத்தில் என்ன செய்யணும்?

மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கணும். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணணும். பொடி நாக்கில் பட்டிருந்தால் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது. ஆனாலும் சர்க்கரை வேலை செய்யும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-க்கு கூப்பிடுங்க.

டாக்டரிடம் எப்படிக் காட்டுவது?

அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீங்க. நோட்டையும் பொடி பாக்கெட்டையும் சேர்த்தே எடுத்துட்டுப் போங்க. மாத்திரை தரும் டாக்டர், சித்த மருத்துவர் இருவருக்கும் ஒரே நோட்டைக் காட்டுங்க. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். பொடியை நிறுத்துவதா, மாத்திரை அளவைக் குறைப்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

நோட்டில் எல்லாமே தெரிந்துவிடாது. கல்லீரல் பாதிப்பு ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறமானாலோ பொடியை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்க.