நீளம் சொல்லாத வீடியோ

பிரவுசரிலேயே திரையைப் பதிவு செய்யும் ஒரு தளத்தில் ஆசிரியர் ஒருவர் கணக்கு வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடித்ததும் `vaguppu.webm` என்று ஒரு கோப்பு இறங்குகிறது. அளவு சுமார் 210 எம்பி. திறந்தால் படமும் குரலும் ஒழுங்காக ஓடுகின்றன. ஆனால் மொத்த நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 00:00 என்றோ வெறும் கோடுகளோதான் தெரிகின்றன. இருபதாவது நிமிடத்தில் போட்ட கணக்கைக் காட்டலாம் என்று கீழே உள்ள பட்டையை இழுத்தால், அது அசைய மறுக்கிறது, அல்லது முதலுக்கே திரும்பிவிடுகிறது. மாணவர்களோ முழு வகுப்பையும் முதலிலிருந்து பார்த்தாக வேண்டும்.

கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் பெரும்பாலும் நினைப்பார்கள். அடுத்து, இணையத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு மாற்றித் தளத்தில் அதை ஏற்றுவார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து, படத்தின் தெளிவையும் கொஞ்சம் இழந்து, எம்பி4 ஒன்றை வாங்கி வருவார்கள். அதற்கு அவசியமே இல்லை. இந்தக் கோப்பில் படமோ ஒலியோ ஒரு துளிகூடக் கெடவில்லை. இல்லாதவை இரண்டே குறிப்புகள்: மொத்தம் எவ்வளவு நேரம் என்பது ஒன்று; எந்த நிமிடம் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்கிற அட்டவணை மற்றொன்று. அவற்றை எழுதிச் சேர்க்கச் சில விநாடிகள் போதும்.

அவை ஏன் விடுபடுகின்றன? வெப்எம் என்பது 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய கோப்பு வடிவம். மட்ரோஸ்கா என்ற பழைய வடிவத்தின் சுருக்கப் பதிப்பு. கோப்பின் தொடக்கத்தில் ஒரு தலைப்புப் பகுதி இருக்கும். அதன்பின் சில விநாடிப் படமும் ஒலியும் கொண்ட கிளஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மொத்த நேரம் தலைப்புப் பகுதியில் `Duration` என்ற பெயரில் நிற்க வேண்டும். `Cues` என்ற அட்டவணை, எந்த நேரத்துக்கு எந்த கிளஸ்டர் என்று சொல்லும்.

பிரவுசரில் பதிவு செய்யும் வேலையைப் பார்ப்பது `MediaRecorder` என்ற வசதி. அது பதிவு முடியும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு துண்டும் தயாரானவுடன் அதை வலைப்பக்கத்திடம் கொடுத்துவிடும். பக்கம் அதை நினைவகத்தில் வைத்திருக்கலாம், அந்தக் கணமே தொலைவில் உள்ள சர்வருக்கு அனுப்பியும் இருக்கலாம். எழுத எழுத ஒவ்வொரு தாளாக அச்சகத்துக்கு அனுப்பிவிடும் நாவலாசிரியர், மொத்தம் எத்தனை பக்கம் என்று முதல் தாளில் எப்படிப் போடுவார்? முதல் துண்டு கைவிட்டுப் போகும்போது, பதிவு பத்து நிமிடம் ஓடுமா இரண்டு மணி நேரம் ஓடுமா என்று பிரவுசருக்கே தெரியாது. ஆகவே குரோமும் அதே இயந்திரத்தில் ஓடும் எட்ஜும் நேரத்தை எழுதாமலே விடுகின்றன. கோப்பின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’ என்பதற்கான குறியீட்டை வைக்கின்றன, அட்டவணையும் கிடையாது. நேரடி ஒளிபரப்புக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. சேமித்து வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் தொல்லை.

நம் கோப்புக்கு இதுதான் குறையா என்று உறுதி செய்துகொள்ள எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். அதனுடன் வரும் எஃப்எஃப்புரோப், கோப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும்.

```
ffprobe vaguppu.webm
```

பல வரிகள் வரும். அவற்றில் இந்த ஒரு வரியைத் தேடினால் போதும்:

```
Duration: N/A, start: 0.000000, bitrate: N/A
```

`N/A` என்று வந்து, கீழே வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் வழக்கமான வரிகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இனி சரிசெய்யும் கட்டளை:

```
ffmpeg -i vaguppu.webm -c copy vaguppu-sari.webm
```

இதில் உயிரான பகுதி `-c copy`. படத்தையும் ஒலியையும் பிரித்து மறுபடி சுருக்காதே, இருக்கிறபடியே புதுக் கோப்புக்கு எடுத்துப் போ என்று அது சொல்கிறது. இதை விட்டுவிட்டால் எஃப்எஃப்எம்பெக் வீடியோ முழுவதையும் புதிதாகச் சுருக்கத் தொடங்கிவிடும். நேரமும் போகும், தரமும் போகும். இது இருந்தால் வேலை கிட்டத்தட்ட கோப்பை நகலெடுக்கும் வேகத்தில் முடிந்துவிடும். போகிற வழியில் ஒவ்வொரு துண்டின் நேரக் குறியையும் மென்பொருள் கணக்கில் வைத்துக்கொள்கிறது. கடைசித் துண்டை எழுதியதும் கோப்பின் முடிவில் அட்டவணையைச் சேர்க்கிறது. பிறகு தொடக்கத்துக்குத் திரும்பிச் சென்று, காலியாக விட்டுவந்த இடத்தில் மொத்த நேரத்தை நிரப்புகிறது. பிரவுசரால் செய்ய முடியாமல் போனது இந்தத் திரும்பிச் செல்லுதல் ஒன்றுதான். புதுக் கோப்பை மறுபடி எஃப்எஃப்புரோப்பில் பார்த்தால் அந்த வரி மாறியிருக்கும்:

```
Duration: 00:42:18.37, start: 0.000000, bitrate: 661 kb/s
```

அளவு அதே சுமார் 210 எம்பிதான். இருபதாவது நிமிடத்துக்கு இழுத்தால் போகிறது. பழைய கோப்பை உடனே அழித்துவிடாமல், புதியதைத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அழிப்பது நல்லது.

கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குகிறவர்கள் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டு, பதிவெழுதும் பொத்தானை அழுத்தலாம். அதுவும் எதையும் மறுபடி சுருக்காமல் இதே வேலையைச் செய்கிறது; இயல்பாக `.mkv` கோப்பாகத் தரும்.

வலைத்தளம் உருவாக்குபவர்கள் வேறொரு குறுக்குவழியை விரும்புகிறார்கள். பதிவு முடிந்ததும் பிரவுசருக்குள்ளேயே ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கொண்டு தலைப்புப் பகுதியில் நேரத்தை மட்டும் செருகிவிடுவது அது. கோப்பு முழுவதும் இன்னும் கையில் இருப்பதால் இது சாத்தியமாகிறது. ஆனால் இதை நான் அரை வைத்தியம் என்றுதான் சொல்வேன். நேரம் தெரியும், பட்டையும் இழுபடும், அட்டவணை மட்டும் இருக்காது. சிறிய கோப்பில் வித்தியாசம் தெரியாது. ஒரு மணி நேரப் பதிவில் நடுவே இழுத்தால், பிளேயர் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கோப்பைத் துழாவித் திணறும். சில பிளேயர்கள் அந்த முயற்சியே எடுப்பதில்லை.

சர்வரில் இதைத் தானியங்கியாக்க முனைகிறவர்கள் விழும் பள்ளம் வேறு. எஃப்எஃப்எம்பெக் தரும் விடையை வட்டில் ஒரு கோப்பாக எழுதாமல், பைப் வழியாக நேரே அடுத்த நிரலுக்கு அனுப்புவார்கள். பைப்பில் போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே எஃப்எஃப்எம்பெக்கும் பிரவுசர் மாட்டிக்கொண்ட அதே நிலையில் மாட்டிக்கொண்டு, நேரமில்லாத கோப்பையே தரும். கட்டளையில் தவறில்லை, பிழைச் செய்தியும் வராது, குறையும் தீராது. முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதி, அதன்பிறகு அனுப்ப வேண்டும்.

சில கோப்புகளில் கட்டளையே மறுத்துவிடும். வெப்எம்மில் விபி8, விபி9, ஏவி1 வகை வீடியோ மட்டுமே இருக்கலாம் என்ற பொருளில் ஒரு பிழை வந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் எச்.264. பெயரில் `.webm` இருந்தாலும் குரோம் அப்படியும் பதிவு செய்யக்கூடியது. அதற்கு வெளியீட்டுப் பெயரை `vaguppu-sari.mkv` என்று மாற்றினாலே போதும். மட்ரோஸ்கா எதையும் ஏற்கும்.

`EBML header parsing failed` என்று வந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டியதுதான். தலைப்புப் பகுதி முதல் துண்டில் மட்டுமே வரும். துண்டு துண்டாக சர்வருக்கு ஏற்றும்போது முதல் துண்டு வழியில் தொலைந்திருந்தால், மீதி எல்லாம் பத்திரமாக இருந்தும் எந்த பிளேயரும் அதை அடையாளம் காணாது. லினக்ஸிலும் மேக்கிலும் இப்படிப் பார்க்கலாம்:

```
xxd -l 4 vaguppu.webm
```

`1a45 dfa3` என்று தொடங்கினால் தலைப்பு இருக்கிறது. வேறு எதுவாக இருந்தாலும் முதல் துண்டு போய்விட்டது என்று பொருள். அப்போதும் ஒரு வழி உண்டு. அதே பிரவுசரில், அதே தளத்தில், அதே திரை அளவில் சில விநாடி புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதில் முதல் கிளஸ்டரைக் குறிக்கும் `1f 43 b6 75` என்ற நான்கு பைட்டுகளுக்கு முன்னால் இருப்பதை மட்டும் வெட்டியெடுத்து, தலையிழந்த கோப்பின் முன்னால் ஒட்டிவிட்டு, மேலே சொன்ன கட்டளையை ஓட்டலாம். தொலைந்த விநாடிகள் திரும்பி வராது. தொடக்கத்தில் சிறிது நேரம் படம் சிதைந்தும் தெரியலாம்.

எல்லாம் சரியாக முடிந்த பிறகும் ஒரு குறை எஞ்சலாம். 20:00க்கு இழுத்தால் வீடியோ 19:40க்குப் போய் நிற்கும், அல்லது சில நொடி உறைந்துவிட்டு ஓடும். இது அட்டவணையின் குற்றமல்ல. வீடியோவில் எல்லாப் படங்களும் முழுப் படங்களாகச் சேமிக்கப்படுவதில்லை. எப்போதாவது கீஃப்ரேம் எனப்படும் முழுப் படம் ஒன்று வரும். மற்றவை முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். அட்டவணை கீஃப்ரேம்களைத்தான் சுட்டும். பதிவின்போதே அவை அரிதாக இருந்திருந்தால், நகலெடுப்பதால் புதிதாக முளைக்காது. இந்த ஒரு நிலைமையில்தான் மறுபடி சுருக்குவது நியாயம். இரண்டு விநாடிக்கு ஒரு கீஃப்ரேம் வைத்து எம்பி4 ஆக்கும் கட்டளை இது:

```
ffmpeg -i vaguppu.webm -c:v libx264 -c:a aac \
  -force_key_frames "expr:gte(t,n_forced*2)" vaguppu.mp4
```

42 நிமிட வகுப்புக்கு இது விநாடிகளில் முடியாது. பழைய மடிக்கணினி என்றால் வகுப்பு எடுத்த நேரத்துக்குச் சமமாகவே ஓடினாலும் ஆச்சரியமில்லை. கீஃப்ரேம்களை நெருக்கி வைப்பதால் கோப்பும் சற்றுப் பெருக்கலாம்.