போட்டி அலைவரிசைகளும் சொல்லப்படாத பொருள்களும்: அழுத்தமானியை முன்வைத்து ஓர் ஆய்வு

யூரியூபில் கல்விக் காணொளிகளை வெளியிட முனைவோர், தமக்கு முன்னர் அத்துறையில் இயங்கிவரும் அலைவரிசைகளை நோக்குவது இயல்பே. ஆயின் அந்நோக்குதல் பெரும்பாலும் அதிகம் பார்க்கப்பட்ட காணொளி எதுவெனக் கண்டு, அதனையே வேறொரு குரலில் மீளச் சொல்வதாக முடிந்துவிடுகின்றது. ஒரே பாடம் பத்து அலைவரிசைகளில் பத்துத் தடவை கிடைக்க, அதன் அடுத்த படி எங்குமே கிடைக்காத நிலை இதனாலேயே தோன்றுகின்றது. பிறர் என்ன சொல்லியிருக்கின்றனர் என்பதை விடுத்து, எதனைச் சொல்லாது விட்டனர் என்பதை முறைப்படி கண்டறிவது எவ்வாறு? க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் வரும் அழுத்தமானிப் பரிசோதனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நாம் நோக்குவோம்.

முதலில் எவ்வலைவரிசைகளை ஒப்பிடுவது என்பது தீர்க்கப்படல் வேண்டும். இலங்கைத் தமிழ்மொழிமூல மாணவருக்கான இரண்டோ மூன்றோ, தமிழகப் பாடநூலைத் தழுவியது ஒன்று, ஆங்கிலத்தில் அதே பொருளைக் கற்பிப்பது ஒன்று, இயலுமாயின் சிங்களத்தில் ஒன்று என ஆறளவில் போதும். அவற்றில் இப்பொருள் பற்றிய காணொளிகளை ஒரு தாளில் நிரைப்படுத்தி, வெளியான திகதி, நீளம், பார்வைத்தொகை ஆகியவற்றோடு, அக்காணொளி எந்த வினாவுக்கு விடையளிக்கின்றது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுதல் வேண்டும். இக்கடைசி நிரலே முழு முயற்சியினதும் உயிர்நிலை. தலைப்பு ‘அழுத்தமானி - முழு விளக்கம்’ என்றிருக்கலாம்; உள்ளே கொள்கை விளக்கமும் சமன்பாட்டுப் பெறுகையும் மட்டுமே இருக்கலாம். தலைப்பை நம்பி நிரப்பப்பட்ட தாள் எதனையும் காட்டாது.

பார்வைத்தொகையை அப்படியே கொள்வது தவறு. பெரிய அலைவரிசையின் சாதாரணக் காணொளியும் சிறிய அலைவரிசையின் சிறந்த காணொளியும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே ஒவ்வொரு காணொளியையும் அதன் சொந்த அலைவரிசையின் இடையத்தோடு ஒப்பிடுதலே முறை. ஓர் அலைவரிசையின் அண்மைய இருபது காணொளிகளைப் பார்வைத்தொகைப்படி ஒழுங்குபடுத்த, நடுவில் வருவது 2,000 எனக் கொள்வோம். அங்கு ஒரு பரிசோதனைக் காணொளி 9,000 தடவை பார்க்கப்பட்டிருப்பின், அது தன் இடத்தின் வழமையைப் போல் நாலரை மடங்கு. சராசரியை எடுத்திருந்தால், எங்கோ பரவிய ஒரே காணொளி அதனை உயர்த்திவிட்டிருக்கும். வெளியாகி மூன்று மாதம் நிறையாதவற்றை இக்கணக்கில் சேர்த்தல் ஆகாது. குறுங்காணொளிகளையும் வேறாகவே வைத்தல் வேண்டும். 2025 மார்ச் 31 முதல், அவை ஓடத் தொடங்கினாலே அல்லது மீள ஓடினாலே ஒரு பார்வையாக எண்ணப்படுவதால், அவற்றின் தொகை நீண்ட காணொளிகளின் தொகையோடு ஒப்பிடத்தக்கதன்று.

இனி, இடைவெளி எங்கே தெரியும்? பின்னூட்டங்களிலேயே அது முதலிற் புலப்படும். பாராட்டுகளைத் தள்ளிவிட்டு வினாக்களை மட்டும் பெயர்த்தெழுதுவோமாயின், ஒரே ஐயம் வெவ்வேறு அலைவரிசைகளின் கீழ் வெவ்வேறு சொற்களில் மீள்வதைக் காணலாம். நமது எடுத்துக்காட்டில் அவ்வையம் இதுவெனக் கொள்வோம்: ‘கம்பியில் எங்கே தொட்டாலும் ஊசி ஒரே பக்கம்தான் போகிறது, ஏன்?’ கொள்கையை விளக்கிய காணொளி எதுவும் இதற்கு விடை கூறாது. ஏனெனில் கரும்பலகையில் வரைந்த சுற்று ஒருபோதும் பிழைப்பதில்லை. போதிய பார்வைகள் பெற்ற காணொளிகளில், அதிகம் மீளப் பார்க்கப்பட்ட பகுதியைக் காட்டும் வரைபு ஓட்டப்பட்டையின் மேல் தோன்றுவதுண்டு. சுற்றைத் தொடுக்கும் இடத்தில் அவ்வரைபு உயர்ந்திருப்பின் நமது ஊகம் வலுப்பெறும். விளக்கம் நன்றாயிருந்ததாலும் அது உயரலாம் என்பதால், வினாக்களோடு சேர்த்தே அதனைப் படித்தல் வேண்டும்.

அடுத்து, அது உண்மையான இடைவெளியா, அன்றி வெறும் சொல் வேறுபாடா என்பதைச் சோதித்தல் வேண்டும். இலங்கையில் அழுத்தமானி என வழங்குவது தமிழகத்தில் மின்னழுத்தமானி. இங்கு கல்வனோமானி, அங்கு கால்வனாமீட்டர். ஒரு சொல்லைக் கொண்டு மட்டும் தேடியவர், மறு சொல்லில் ஏற்கெனவே உள்ள நல்ல காணொளியைக் காணாது, இல்லையென்று முடிவு செய்வார். மாணவரோ ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் இட்டும் தேடுகின்றனர். தேடற்பெட்டியில் சொல்லை இட்டதும் தோன்றும் முன்மொழிவுகள், எவ்வடிவம் உண்மையில் தேடப்படுகின்றது என்பதற்கு ஓரளவு சான்றாகும்.

இதைவிடக் கடினமான வினாவொன்று உண்டு. ஒரு பொருளில் காணொளி இல்லாதிருப்பது அதற்குத் தேவையின்மையாலும் ஆகலாம். தொடர்ப் பாடங்களில் முதலாவது பகுதி மிகுதியாகவும் பின்வருவன குறைந்தும் பார்க்கப்படுவது பொது அனுபவம். அதனாற்போலும், முதல் அலகாகிய அளவீட்டில் வேணியர் இடுக்கிமானி மீண்டும் மீண்டும் விளக்கப்படுகின்றது. பார்வைத்தொகை கவனத்தை அளக்கின்றதேயன்றித் தேவையை அளப்பதில்லை. ஆய்வுகூடமில்லாத பாடசாலையில், உபகரணத்தைக் கண்டிராத மாணவன் அதுபற்றி எங்கும் வினவுவதுமில்லை. அவனது மௌனம் நமது தாளில் ஒரு வெற்றுக் கூடாகவே பதிவாகும். எனவே பாடத்திட்டத்தையும் கடந்தகால வினாத்தாள்களையும் அருகில் வைத்து, அங்கு இடம்பெறுவதும் காணொளிகளில் இடம்பெறாததுமான பகுதிகளைத் தனியே குறித்தல் அவசியம். சந்தையின் எண்களை மட்டும் நம்புவது, ஏற்கெனவே வசதியுள்ளோருக்கே மேலும் வழங்குவதாக முடியும்.

இடைவெளி உறுதியானபின், பிரதி செய்யாதிருப்பது எவ்வாறு? தாளில் வினாவை மட்டும் வைத்துக்கொண்டு, பிறர் காணொளிகளை மூடிவிடுவதே நடைமுறையிற் சிறந்த வழி. விடை பாடநூலிலிருந்தும் நம் கையிலுள்ள உபகரணத்திலிருந்தும் வரல் வேண்டும். ஊசி ஒரே பக்கம் விலகுவதற்கான காரணங்கள் அடிப்படையில் மூன்று: சோதிக்கப்படும் கலத்தின் முனைகள் மாறித் தொடுக்கப்பட்டிருத்தல், முதன்மைச் சுற்றின் கலத்தால் கம்பியின் முழு நீளத்திலும் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி, சோதிக்கப்படும் கலத்தின் மின்னியக்க விசையிலும் குறைந்திருத்தல், முதன்மைச் சுற்று எங்கேனும் அறுந்திருத்தல். கம்பியின் இரு அந்தங்களிலும் தொட்டுப் பார்க்க, விலகல் எதிரெதிர்த் திசைகளில் அமையின் இடையில் சமநிலைப் புள்ளி உண்டு. ஒரே திசையெனின் இம்மூன்றில் ஒன்று. ஒவ்வொரு பிழையையும் வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டும் ஆறு நிமிடக் காணொளி எவருடையதற்கும் பிரதியாகாது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கருத்தையும் முறையையும் காப்பதில்லை. அவற்றின் வெளிப்பாட்டையே காக்கின்றது. அழுத்தமானி எவருக்கும் உரித்தன்று. ஒருவர் அதனை விளக்கிய வசனமும் வரைந்த படமும் அவருக்குரியன. ஆங்கிலக் காணொளியைத் தமிழாக்கினால் அது புதியதாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. மொழிபெயர்ப்பும் படைப்பாளியின் உரிமைகளுள் அடங்குவதால், அனுமதியின்றி அதனைச் செய்தல் பிரதி செய்தலேயாம். சட்டம் எட்டாத இடமும் உண்டு: வசனம் வேறாயிருக்க, உதாரணங்களின் ஒழுங்கும் எடுத்துக்கொண்ட எண்களும் அதுவேயாக இருக்கலாம். எழுதி முடித்தபின், மூடி வைத்த காணொளிகளை மீளத் திறந்து, உதாரணம், எண், வரிசை, முகப்புப்படம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு, ஒத்தவற்றை மாற்றிய பின்னரே ஒளிப்பதிவுக்குச் செல்வது தகும்.